குரூப் 4 படிப்புக் குழுவுக்கு வாங்க: புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், பொன்னமராவதி என்று சுற்று வட்டாரத்திலிருந்து எங்கள் டெலிகிராம் குழுவில் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

சேர்ந்துட்டேன். முதல்ல என்ன பண்ணணும்?

வாங்க. மூன்று வரியில் அறிமுகம் போதும்: உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த ஊர், எந்தப் பகுதி நன்றாக வரும், எது தகராறு. இதில் கடைசி வரிதான் எங்களுக்கு முக்கியம். "கணக்கு வராது" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. "தனிவட்டி வரும், கூட்டுவட்டி வராது, வேலை-நாள் கணக்கில் ஒருவர் பாதியில் விலகினால் குழம்பிப் போகிறேன்" என்று எழுதினால் அன்றைக்கே யாராவது ஒரு கணக்கு எடுத்துக் கொடுப்பார்கள்.

செல்போன் எண், பதிவு எண், நுழைவுச்சீட்டுப் படம், சாதிச் சான்றிதழ் எதையும் குழுவில் போட வேண்டாம். விண்ணப்பத்தில் சந்தேகம் என்றால் அந்தப் பக்கத்தின் படத்தில் பெயர், எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

ஏன் டெலிகிராம்? எல்லார்கிட்டயும் வாட்ஸ்அப் இருக்கே?

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். குழுவில் பெண்கள் பலர் இருக்கிறார்கள், எண் வெளியே போகுமோ என்று வீட்டில் யோசிப்பது நியாயமானது. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். இன்று சேர்ந்தவரும் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கலாம், தொட்டால்தான் தெரியும்படி விடையை மூடிப் போடலாம். இந்த மூன்றுக்காகத்தான் இங்கே வைத்திருக்கிறோம்.

எண்ணை மறைக்க: `Settings` → `Privacy and Security` → `Phone Number` போய் `Nobody` என்று வையுங்கள். அதற்குக் கீழேயே, எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்று கேட்கும், அதை `My Contacts` என்று மாற்றுங்கள். உங்கள் எண்ணை ஏற்கெனவே தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும் அது தெரியும், அதைத் தடுக்க முடியாது. அறிமுகம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுறது? வயசு தெரியலையே.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் இந்தத் தேர்வுக்கு அடிப்படைத் தகுதி என்பதால் பத்தொன்பது வயதுத் தம்பியும் இருப்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்க உட்காருகிற அக்காவும் இருப்பார். தெரியாதபோது எல்லோருக்கும் "நீங்க", "வாங்க", "சொல்லுங்க". அண்ணே, அக்கா தாராளமாகச் சொல்லலாம். ஒருவர் தன்னை ஆச்சி என்று சொல்லிக்கொண்டால் மட்டும் அப்படிக் கூப்பிடுங்கள், நாமாக ஊகித்துக் கூப்பிட வேண்டாம். சிநேகிதர்களுக்குள் இருக்கிற வாடா போடா, குழுவுக்கு வெளியே இருக்கட்டும்.

சந்தேகம் கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லலை. புதுசுன்னு ஒதுக்குறீங்களா?

இல்லை. பதில் வராத கேள்விகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: சாய்வாக எடுத்த மங்கலான படம், அதில் பத்துக் கணக்கு, கீழே "இது எப்படி? ப்ளீஸ், அவசரம்". எந்தக் கணக்கு, எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் பதில் சொல்ல வருகிறவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து படிக்கிறவருக்கு அதற்கு நேரம் இருக்காது, நகர்ந்துவிடுவார்.

கேள்வியில் நான்கு விஷயம் இருக்கட்டும். கேள்வியைத் தட்டச்சு செய்யுங்கள், படம் மட்டும் வேண்டாம். தட்டச்சு செய்தால்தான் நாளைக்கு இன்னொருவர் தேடும்போது கிடைக்கும். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லுங்கள். நீங்கள் போட்ட வழியைக் காட்டுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கடைசியில், உங்கள் விடை எது, புத்தகத்தில் உள்ள விடை எது என்று எழுதுங்கள். பாடத்தின் பெயரையும் `#maths`, `#tamil`, `#polity`, `#history` என்று சேர்த்துவிடுங்கள், பிறகு அதைத் தொட்டால் அந்தப் பாடத்தின் பழைய சந்தேகங்கள் எல்லாம் வரும்.

நாலில் ஒன்றுதான் முடியும் என்றால் மூன்றாவதை விடாதீர்கள். நீங்கள் போட்ட வழி இருந்தால் பதில் சொல்பவருக்கு ஒரு வரி வேலைதான்.

வழியைக் காட்டணும்னா எப்படி? ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்.

இப்படி ஒரு பதிவு:

"`#maths` ஒரு வேலையை அ 12 நாளில், ஆ 18 நாளில் முடிப்பர். இருவரும் சேர்ந்து 4 நாள் செய்தபின் அ விலகிவிட்டார். மீதி வேலையை ஆ எத்தனை நாளில் முடிப்பார்? என் வழி: ஒரு நாள் வேலை 1/12 + 1/18 = 5/36. நாலு நாளில் 20/36, அதாவது 5/9. மீதி 4/9. ஆ-வுக்கு 18 × 4/9 = 8. அதோடு முதல் 4 நாள் சேர்த்து 12. புத்தகத்தில் விடை 8. எங்கே தப்பு?"

இதைப் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்: கணக்கு முழுக்கச் சரி, கேள்வியைப் படித்ததில்தான் பிசகு. கேட்டது மீதி வேலைக்கு ஆகும் நாள். 12 என்பது ஆ மொத்தம் வேலை செய்த நாள். "மீதியை" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. இதே ஆள் வெறுமனே "விடை 8 எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தால் யாராவது பின்னக் கூட்டலிலிருந்து ஆரம்பித்து எட்டு வரி எழுதியிருப்பார். கேட்டவர் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பப் படித்திருப்பார். அவருடைய உண்மையான பிசகு, அதாவது கேட்டதற்கு மேல் ஒரு படி போகிற பழக்கம், வெளியே வந்திருக்காது. கொள்குறித் தேர்வில் 8, 12 இரண்டுமே விருப்பங்களில் இருக்கக்கூடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு விடை தெரியும்னா உடனே போட்டுறலாமா?

போடலாம், ஆனால் மூடிப் போடுங்கள். ஒருவர் கேட்ட சந்தேகத்தை இன்னும் பலர் மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடை கண்ணில் பட்டுவிட்டால் அவர்களுக்கு அந்தக் கணக்கு போய்விட்டது. "ஆமா, எனக்கும் அதுதான் வந்திருக்கும்" என்று தோன்றும், தேர்வு அறையில்தான் வராது என்று தெரியும்.

மூடுவது சுலபம். விடைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நேர்கோடு போடுங்கள்:

```
||மீதி 4/9, எனவே 18 × 4/9 = 8 நாள்||
```

அனுப்பியதும் அந்தப் பகுதி புள்ளிப்புள்ளியாக மறைந்திருக்கும், தொட்டால் திறக்கும். அந்தக் கோடு உங்கள் விசைப்பலகையில் கிடைக்கவில்லை என்றால் எழுதியதைத் தேர்ந்தெடுத்து, வரும் பட்டியலில் `Spoiler` என்பதைத் தொடுங்கள். நோட்டில் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கும் அனுப்புமுன் `Hide with Spoiler` என்று ஒரு வழி இருக்கிறது. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: விடையை மூடிவிட்டு அதற்கு வெளியே "இரண்டாவது ஆப்ஷன்தான், பாருங்க" என்று எழுதுவது. மூடியதற்குப் பலன் இல்லாமல் போகிறது.

தினசரி வினாடி வினாவுல தப்பா போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருமா?

தெரியாது. பெயர் தெரியாதபடிதான் வைக்கிறோம். எத்தனை சதவீதம் பேர் எந்த விடையைத் தொட்டார்கள் என்பது மட்டும் வரும். ஒருமுறை தொட்டால் மாற்ற முடியாது, ஆகவே நிதானமாகத் தொடுங்கள்.

நீங்களும் கேள்வி வைக்கலாம். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு `Poll`, பிறகு `Quiz Mode`, சரியான விடைக்கு டிக். அனுப்பும் முன் டிக் சரியான இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். தப்பாக டிக் போட்டு அனுப்பினால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேர் தப்பு விடையைச் சரி என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். விளக்கம் எழுத ஒரு கட்டம் வரும், அதில் 200 எழுத்துதான் இடம். தமிழில் "கி" என்றால் "க" ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டாகக் கணக்கு வைக்கும், ஆகவே நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீர்ந்துபோகும். வகுப்பு, பாடம், பக்கம் மூன்றையும் முதலில் எழுதிவிட்டு, இடம் இருந்தால் விளக்கம் எழுதுங்கள்.

ஜி.எஸ்-க்கும் கணக்குக்கும் மல்லுக்கட்டுறோம். தமிழுக்கு ஏன் வாரத்துல மூணு நாள்?

200 கேள்வியில் 100 தமிழ். 300 மதிப்பெண்ணில் 150. அந்த 150-இல் 60 எடுக்காவிட்டால், அதாவது 40 கேள்வி சரியாக வராவிட்டால், பொது அறிவும் கணக்கும் இருக்கிற அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் பேசுகிற மொழிதானே என்று விட்டவர்களுக்கு இலக்கணம், அடைமொழி, நூலாசிரியர் பகுதிகளில்தான் கேள்வி நழுவுகிறது. தமிழ் நாட்களில் வேறு பாடச் சந்தேகம் கேட்கக் கூடாது என்று இல்லை. வினாடி வினா மட்டும் அன்றைக்குத் தமிழ்ப் பாடத்திலிருந்து இருக்கும்.

புத்தகத்துல ஒண்ணு, கைடுல ஒண்ணு, யூடியூப்ல ஒண்ணு. எதை எடுத்துக்கறது?

குழுவில் அதிகம் சண்டை வருவது இதற்குத்தான். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் வெவ்வேறு காலத்தில் சரியாக இருந்த விடைகள். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் எத்தனை என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-க்கு முந்தைய புத்தகம் 32 என்று சொல்லும். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து வந்ததும் 37. 2020-இல் மயிலாடுதுறை சேர்ந்து 38. (இந்தத் திருப்பத்தூர் வேலூரிலிருந்து பிரிந்தது. நம்ம பக்கத்துத் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளே இதில் தடுமாறுவதுண்டு.) அடிப்படை உரிமைகள் ஏழா ஆறா என்பதும் இதே கதை: தொடக்கத்தில் ஏழு, 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அதிலிருந்து எடுத்ததும் ஆறு. "தொடக்கத்தில்" என்ற சொல் கேள்வியில் இருந்தால் ஏழுதான் விடை.

ஆகவே குழு வழக்கம் இது. விடையோடு எந்த வகுப்புப் புத்தகம், எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பதிப்பு ஆண்டு முதல் பக்கங்களிலேயே இருக்கும். இரண்டு ஆதாரம் மோதினால் அரசுப் பாடநூலின் புதிய பதிப்பை எடுத்துக்கொள்வோம். நடுவில் மாறக்கூடிய எண்ணிக்கை, பதவி, சட்டத் திருத்தம் போன்றவற்றுக்கு மட்டும் அரசின் அறிவிப்பைப் பார்ப்போம். யூடியூப் காணொளியை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் சொல்பவர் எந்தப் புத்தகத்திலிருந்து சொன்னார் என்று கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள்.

தப்பா பதில் சொன்னவர் என்னைவிட மூத்தவர். எப்படித் திருத்துறது?

ஆளைத் தொடாமல் படியைத் தொடுங்கள். மேலே பார்த்த வேலைக் கணக்குக்கு ஒருவர் "12-ஐயும் 18-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15, இருவரும் சேர்ந்தால் 15 நாள்" என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். "அண்ணே, அ தனியாகவே 12 நாளில் முடிக்கிறார். ஆ கூட வந்தபின் 15 நாள் ஆகுமா?" என்று அவருடைய பதிவுக்கே ரிப்ளை கொடுங்கள். அவரே பார்த்துக்கொள்வார், மரியாதையும் குறையாது. "தப்பு தப்பு" என்று மட்டும் எழுதினால் எங்கே தப்பு என்பது படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியாது.

திருத்தப்பட்டவருக்கும் ஒரு வேண்டுகோள். பதிவை நீக்காதீர்கள். நீக்கினால் அதற்குக் கீழே வந்த ரிப்ளைகள் எதைப் பற்றி என்று புரியாமல் போகும். பதிவை எடிட் செய்து மேலே "திருத்தம்: 36/5 நாள், கீழே பார்க்க" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 48 மணி நேரம் வரை எடிட் செய்யலாம். அந்த நேரம் தாண்டிவிட்டால் ரிப்ளையாகப் போடுங்கள்.

அந்த கோச்சிங் சென்டர் மெட்டீரியல் பிடிஎஃப் யாராவது போடுங்களேன்.

போட மாட்டோம். அது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, எழுதியவர்களின் உழைப்பு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் இணைப்பு குழுவின் மேலே பின் செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகங்களிலிருந்து நீங்கள் எடுத்த சொந்தக் குறிப்புகளை மனதாரப் பகிரலாம்.

ராத்திரி 11 மணிக்குத்தான் படிக்க உக்காருவேன். அப்ப மெசேஜ் போட்டா எல்லாரும் திட்டுவாங்களா?

திட்ட மாட்டார்கள், சத்தம் வராமல் அனுப்பினால். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் `Send Without Sound` என்று வரும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதையே பயன்படுத்துங்கள். காலை வணக்கப் படம், சாமி படம், பண்டிகை வாழ்த்துப் படம் எந்த நேரத்திலும் வேண்டாம். பாடத்தைத் தேடி மேலே போகிறவருக்கு அவை இடைஞ்சல்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குறேன். பத்து நாள் வரலைன்னா எடுத்துருவீங்களா?

எடுக்க மாட்டோம். அனுமதி கேட்கவும் வேண்டாம். நடைப்பயணமோ வீட்டில் விசேஷமோ அறுவடையோ, குழுவை மியூட் செய்துவிட்டுப் போய் வாருங்கள். திரும்பி வந்து நூற்றுக்கணக்கான பதிவுகளை மேலிருந்து படிக்க வேண்டாம். முன்னே சொன்ன `#maths`, `#tamil` குறிகளில் ஒன்றைத் தொட்டு, உங்களுக்குத் தகராறான பாடத்தை மட்டும் பாருங்கள்.

ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணிக்கிட்டே இருக்கார். யார்கிட்ட சொல்றது?

குழுவில் கேட்டுச் சம்மதம் வாங்காமல் யாரும் யாருக்கும் தனியாக எழுதக் கூடாது, "சந்தேகம் கேட்கத்தான்" என்பதும் காரணம் ஆகாது. சந்தேகத்துக்குக் குழு இருக்கிறது. அப்படி வந்தால் பதில் போடாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அட்மின் யாருக்காவது அனுப்புங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன்பே பிளாக் செய்துவிட்டால், அவர் தன் பக்கம் இருந்து எழுதியதை இரண்டு பேருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும். உங்கள் பெயர் குழுவில் வராது.

மற்ற விதிகளுக்கு முதலில் தனியாக நினைவூட்டுவோம், மறுபடி நடந்தால் ஒரு வாரம் எழுத முடியாதபடி வைப்போம். பெண்களைத் தொந்தரவு செய்வதற்கும், "வினாத்தாள் முன்னாடியே இருக்கு, பணம் போடுங்க" என்று எழுதுவதற்கும் நினைவூட்டல் கிடையாது. உடனே வெளியே.

தேர்வு அன்னைக்குக் குழுவைப் பூட்டிருவீங்களாமே? வெளியே வந்ததும் விடை பார்க்க வேணாமா?

முதல் நாள் இரவிலிருந்து தேர்வு முடியும் வரை அட்மின் தவிர யாரும் எழுத முடியாது. அந்த நேரத்தில்தான் "இதுதான் வினாத்தாள்" என்று வதந்திப் படங்கள் சுற்றும். அதைப் பார்த்துக் கடைசி இரவை வீணாக்க வேண்டாம் என்பதற்காக. தேர்வு முடிந்த அன்று மாலை குழு திறக்கும்.

விடை பேசும்போது "47-ஆவது கேள்விக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். ஒருவர் கையில் உள்ள வினாத்தொகுப்பின் வரிசையும் இன்னொருவருடையதும் ஒன்றாக இருக்காது, உங்கள் 47 அவருக்கு 112-ஆக இருக்கும். கேள்வியை முழுதாகத் தட்டச்சு செய்யுங்கள், விடையை அன்றைக்கும் மூடியே போடுங்கள். மதிப்பெண் கூட்டிப் பார்க்க விரும்பாதவர்கள் சிலர் இருப்பார்கள். "உங்களுக்கு எத்தனை வரும்?" என்று யாரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். தேர்வாணையத்தின் உத்தேச விடைக்குறிப்பு வந்ததும், அதில் தப்பு என்று படும் கேள்விகளுக்குத் தனித் தலைப்பு திறப்போம். ஆட்சேபணைக்குக் குறைந்த நாட்களே தருவார்கள், அதனால் வகுப்பு, பதிப்பு, பக்கத்தோடு புத்தகப் பக்கத்தின் தெளிவான படத்தையும் அன்றே கொண்டுவாருங்கள்.